எட்டும் ஐந்தும் பன்னிரண்டு என்று சொல்லும் பிள்ளைக்கு ஒரு தாள்

தரம் 3 பிள்ளை ஒருத்தி. 8 + 5 எவ்வளவு என்று கேட்டேன். கைகள் இரண்டும் மேசைக்குக் கீழே போயின, உதடு மெதுவாக அசைந்தது, கொஞ்ச நேரம் கழித்து "பன்னிரண்டு" என்றாள். 7 + 4 கேட்டேன். "பத்து." 9 + 3? "பதினொன்று." மூன்றும் பிழை. ஆனால் மூன்று விடைகளுமே சரியான விடைக்கு ஒன்றுதான் குறைவு.

சத்தமாக எண்ணிக் காட்டச் சொன்னேன். ஒரு விரலை மடக்கி "எட்டு" என்றாள். அடுத்த விரலுக்கு "ஒன்பது". ஐந்தாவது விரலில் பன்னிரண்டு வந்து நின்றது. கையில் ஏற்கெனவே இருக்கும் எட்டையே புதிதாக வந்த முதலாவதாகவும் எண்ணிவிடுகிறாள். கழித்தலிலும் இதே கதைதான். 13 – 5 என்றால் 13, 12, 11, 10, 9 என்று இறங்கி ஒன்பது என்பாள். அங்கே விடை ஒன்று கூடுகிறது.

இது கவனக்குறைவு இல்லை. எட்டு என்ற சொல்லைக் கேட்டால் அவளுடைய மனதில் எட்டுப் பொருள்கள் எழவில்லை. ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வரும் சொல்லாகத்தான் அது இருக்கிறது. அதனால் எட்டை உடைக்க முடியாது, பத்துக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று பார்க்க முடியாது, கிடைத்த விடை பொருந்துமா என்று நிதானிக்கவும் முடியாது. எண்ணுணர்வு குறைவு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கூட்டல் கணக்கு எழுதக் கொடுத்தால், பிழையான எண்ணல் ஐம்பது தடவை பழகிப்போகும்.

திருகோணமலையில் ஆரம்பப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பரிசோதனை, ஏறத்தாழ ஆறு வாரம். எல்லாக் கணிதத்துக்குமான வைத்தியம் என்று நினைக்கவேண்டாம். பத்தைத் தாண்டும் கூட்டலை விரல்விட்டு எண்ணாமல் செய்யவைப்பது என்ற ஒரே இலக்குக்கு மட்டும் இந்தத் தாள்.

தாள் எழுதுவதற்கு முன் பார்க்கவேண்டியவை

ஒரு நாள் பத்து நிமிடம் பிள்ளையுடன் தனியாக இருங்கள். மற்றவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் போதும். இடைவேளையை மட்டும் எடுக்கவேண்டாம். விளையாட்டு நேரத்தில் கூப்பிட்டால் தனக்குத் தண்டனை கிடைத்ததாகத்தான் பிள்ளை நினைக்கும், அப்புறம் உங்களிடம் மனம் திறக்காது.

முதலில் பொட்டு அட்டை. பிஸ்கட் பெட்டி அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரே அளவான ஒட்டுப்பொட்டுகளை ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு நொடி காட்டிவிட்டு மறைத்து, எத்தனை என்று கேளுங்கள். மூன்று வரைக்கும் எண்ணாமலே சொல்ல முடியவேண்டும். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் நான்கையும் சொல்லிவிடுவார்கள். பொட்டு மறைந்த பிறகும் கண்ணை மேலே உருட்டி ஒவ்வொன்றாக நினைவில் எண்ணினால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பதின்மூன்று புளியங்கொட்டை. எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என்பது இன்னும் பதியவில்லை. பதிந்திருந்தால் கொட்டைகளை அகலப் பரப்பிவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். கூடிவிட்டது என்று சொல்கிறதா பாருங்கள்.

மூன்றாவது, சிரட்டை. ஐந்து கொட்டையைப் பிள்ளையே எண்ணிச் சிரட்டைக்குள் போடட்டும். நீங்கள் இரண்டை வெளியே எடுத்துவைத்துவிட்டு, உள்ளே எத்தனை என்று கேளுங்கள். நான் சொன்ன பிள்ளை இங்கேதான் தடுமாறினாள். நான்கு என்றாள், பிறகு இரண்டு என்றாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஐந்துக்குள் இரண்டும் மூன்றும் இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியவில்லை. தரம் 3 கொப்பியில் மூவிலக்க எண்கள் எழுதியிருந்தாள். ஆனால் அவளுடைய எண்ணறிவு ஐந்திலேயே நின்றுவிட்டது.

நான்காவதாகத்தான் 8 + 5. விடையைவிட அதற்கு வந்த வழி முக்கியம். விரல், உதடு, கண் மூன்றையும் பாருங்கள்.

பாடசாலைக்கு வராத நாட்கள் எவ்வளவு, கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா என்பதையும் இந்தச் சமயத்திலேயே விசாரித்துவிடுங்கள். ஒரு தவணை முழுக்க ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்த பிள்ளைக்குத் தேவைப்படுவது வேறு.

சொல்லில் இருக்கும் உதவியும் பொறியும்

இதைப் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பிள்ளைகளிடம்தான் படித்தேன். தமிழில் பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை ஒவ்வொரு சொல்லிலும் பத்து முன்னால் நிற்கிறது, மிச்சம் பின்னால் வருகிறது. பத்தும் மூன்றும் பதின்மூன்று. பிள்ளை வாயில் "பதிமூண்டு" என்று வந்தாலும் பத்தும் மூண்டும் அதற்குள் கேட்கின்றன. 10 + 3 எவ்வளவு என்று யோசிக்கவே வேண்டியதில்லை, சொல்லே விடையைச் சொல்லிவிடுகிறது. பத்தைத் தாண்டும் கூட்டலுக்கு இதைவிட நல்ல படிக்கட்டு கிடைக்காது. ஆனால் யாராவது காதில் விழும்படி பிரித்துச் சொல்லிக்காட்டினால்தான் பிள்ளை அதைக் கவனிக்கும்.

பொறிகளும் உண்டு. ஒன்பது என்ற சொல் இருபது, முப்பது போலவே "பது" என்று முடிகிறது. எண்பதையும் ஒன்பதையும் மாற்றி எழுதும் பிள்ளைகளை எல்லா வருடமும் பார்க்கிறேன். தொண்ணூறு என்றால் காதில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரம் என்றால் ஆயிரம் கேட்கிறது. தொள்ளாயிரத்துக்கு 9000 எழுதும் பிள்ளை தான் கேட்டதைத்தான் எழுதுகிறது. "இருபத்தைந்து" என்றதும் 205 எழுதுவதும் இப்படித்தான், இருபதை எழுதி ஐந்தை ஒட்டிவிடுகிறது. இந்தப் பிழைகளை எண்ணுணர்வுக் குறைவோடு சேர்த்துக் குழப்பவேண்டாம். அவை தனி. சொல்வதெழுதலில் 9, 80, 90, 25, 13, 30 என்று ஆறு எண் கொடுத்துப் பாருங்கள். தொகை விளங்கிய பிள்ளைக்கு இவற்றை இரண்டு நாளில் திருத்திவிடலாம். இந்தத் தாளில் அவற்றுக்கு இடம் தராதீர்கள்.

தாள்

கொப்பித் தாளில் பாதி போதும். பெரிய அட்டவணை போட்டால் நிரப்பமாட்டீர்கள். நான் அந்தப் பிள்ளைக்கு எழுதிய முதல் தாள் இப்படி இருந்தது:

இப்போது முடிவது: மூன்று பொட்டு வரை பார்த்ததும் சொல்கிறாள். 20 வரை பிழையின்றி எண்ணுகிறாள்.
இப்போது முடியாதது: ஐந்தை உடைக்க முடியவில்லை. முதல் எண்ணையும் சேர்த்து எண்ணுகிறாள்.
இந்தப் படி: ஐந்துக்குள் மறைந்திருப்பதைச் சொல்வது.
தினமும்: பொட்டு அட்டை 2 நிமிடம், சிரட்டை 5 நிமிடம், சொல்லிக்காட்டல் 2 நிமிடம், குறிப்பு 1 நிமிடம்.
அடுத்த படிக்குப் போவது: பத்துக் கேள்வியில் ஒன்பது, ஒவ்வொன்றும் மூன்று நொடிக்குள், அடுத்தடுத்து இரண்டு நாள்.

முதல் வரியில் முடிவதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். கடைசி வரியும் அதே அளவுக்கு முக்கியம். அது இல்லாவிட்டால் உங்களுக்கு அலுத்த நாளில் அடுத்த படிக்குப் போய்விடுவீர்கள். ஒன்பது, மூன்று நொடி, இரண்டு நாள் என்பதெல்லாம் நான் வைத்துக்கொண்ட அளவு. நீங்கள் கொஞ்சம் மாற்றலாம், ஆனால் எழுதிவைத்த பிறகு மாற்றவேண்டாம்.

கீழே ஒரு சின்னக் கட்டத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எழுத்து. அன்றைய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிள்ளை எப்படி விடைக்கு வந்தது என்பதை அது காட்டும். ஒன்றிலிருந்து எண்ணினால் "எ", ஓர் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணினால் "தொ", உடைத்துச் சேர்த்தால் "உ", தெரிந்தே சொன்னால் "தெ". சரி, பிழை மட்டும் குறித்த காலத்தில் என்னை நானே நிறையத் தடவை ஏமாற்றியிருக்கிறேன். பிள்ளை பத்துக்குப் பத்து எடுக்கும், பார்த்தால் எல்லாம் விரலில் எண்ணிச் சொன்னவை.

பத்து நிமிடம்

பொட்டு அட்டையை வேகமாகக் காட்டி மறையுங்கள். பிழையாகச் சொன்னால் "இல்லை" என்று சொல்லவேண்டாம். அட்டையை மேசையில் வைத்து, "எப்படித் தெரிஞ்சது?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னாலும் இதையே கேளுங்கள். "இங்க ரெண்டு, அங்க ரெண்டு, நடுவில ஒண்டு" என்ற பதில் வரத் தொடங்கும் நாளில் பிள்ளை தொகையை உடைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அட்டைகளின் வரிசையையும் பக்கத்தையும் தினமும் மாற்றுங்கள். அட்டையின் மூலையில் இருந்த கறையைப் பார்த்து "நாலு" என்று சொன்ன ஒரு பிள்ளையும் எனக்கு இருந்தான்.

சிரட்டை விளையாட்டில் ஒரு விதிதான். விடை சொன்னதும் சிரட்டையைப் பிள்ளைதான் தூக்கவேண்டும். சரியா பிழையா என்பதைக் கொட்டைகளே சொல்லிவிடும், உங்கள் முகத்தைப் பார்க்கும் பழக்கம் மெல்ல விடுபடும். ஐந்தில் தொடங்குங்கள். ஒன்று வெளியே, நான்கு வெளியே, இரண்டு வெளியே, ஐந்தும் வெளியே. கடைசியில் சொன்னது முக்கியம். உள்ளே ஒன்றும் இல்லை என்பதைப் பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லும், பூச்சியம் அங்கே அர்த்தம் பெறுகிறது.

சொல்லிக்காட்டல் என்றால், விளையாட்டில் செய்ததை ஒரு வாக்கியமாகச் சொல்வது. "அஞ்சில ரெண்டு வெளியில, மூண்டு உள்ளுக்க." அதற்குப் பிறகு அதை 5 = 2 + 3 என்று எழுதட்டும். இரண்டு வரி போதும். எழுதுவது கடைசியில்தான், ஒரு நாளும் முதலில் இல்லை.

விரலைப் பயன்படுத்தவேண்டாம் என்று சொல்லாதீர்கள். சொன்னால் கை மேசைக்குக் கீழே போகும், நீங்கள் பார்க்கவேண்டியது மறைந்துவிடும். "கையை மேல வைச்சு எண்ணு, எனக்கும் காட்டு" என்று சொல்லுங்கள். உடைக்கத் தெரிந்ததும் விரல் தானாக நின்றுவிடும்.

முத்துச்சரம்

ஐந்து உறுதியானதும் பத்துக்கு வாருங்கள். இதற்கு நீங்களே செய்யக்கூடிய ஒரு பொருள் வேண்டும். வலைக் கயிறு, தூண்டில் விற்கும் கடையில் கொஞ்சம் தடித்த தங்கூசி வாங்குங்கள், எங்கள் ஊரில் அது கிடைக்காத கடைத்தெரு இல்லை. ஒரு சென்ரிமீற்றர் அளவு முத்து இருபது. ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை, மறுபடி ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை என்று கோத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்கள். முத்துகள் நகர ஒரு சாண் இடம் விடவேண்டும். இறுக்கிக் கட்டினால் பயனில்லை.

நிறம் மாறும் இடம்தான் இந்தச் சரத்தின் உயிர். ஏழு முத்தை இடப்பக்கம் தள்ளச் சொன்னால் பிள்ளை முதலில் ஒன்றொன்றாக எண்ணித் தள்ளும். சில நாள் போனதும் சிவப்பு முழுவதையும் ஒரே தள்ளலாகத் தள்ளி, வெள்ளையில் இரண்டைச் சேர்க்கும். ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்று விரலுக்கே பழகிவிடுகிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். "அஞ்சு கிணத்தில தண்ணி ஊத்தியாச்சு, இன்னும் எத்தனை கிணறு?" என்று கேட்டால் ஒரு வகுப்பே சரத்தைத் தேடும்.

பத்துக்குச் சோடி பார்ப்பதும் இதிலேயே. முதல் பத்தை மட்டும் பாவித்து, மற்றப் பத்தைக் கைக்குட்டையால் மூடுங்கள். ஏழைத் தள்ளிவிட்டு மிச்சம் எத்தனை என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை மூன்றாவது வாரத்தில் இங்கே மாட்டிக்கொண்டாள். 6க்கு 3 என்பாள், 7க்கு 4 என்பாள். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் காரணம் தெரிந்தது. மிச்ச முத்துகளைப் பார்க்காமல், போன வாரம் நான் சொல்லவைத்த சோடிகளை ஞாபகத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்பட்டு அவற்றைப் பாடமாக்கிவிட்டேன். திரும்ப இரண்டு நாள் சோடி சொல்வதை நிறுத்தி, "தள்ளின வெள்ளை எத்தனை, தள்ளாத வெள்ளை எத்தனை?" என்று மட்டும் கேட்டேன். இரண்டும் மூன்றும் ஐந்து என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும் அல்லவா? ஐந்தின் அறிவு பத்துக்கு வந்து உதவியது. ஐந்தில் நாட்களைச் செலவழித்தது வீண் போகவில்லை என்று எனக்கு விளங்கியதும் அன்றுதான்.

பத்தைத் தாண்டுவது

இங்கே இரண்டு திறமை ஒரே நேரத்தில் வேண்டும். எட்டுக்குப் பத்தாக இன்னும் இரண்டு வேண்டும் என்பது ஒன்று. ஐந்திலிருந்து இரண்டை எடுத்தால் மூன்று மிஞ்சும் என்பது மற்றது. இரண்டும் தனித்தனியே உறுதியாக இருந்தால்தான் சேர்த்துச் செய்ய முடியும். அதனால்தான் தாளில் இது கடைசிப் படி.

சரத்தை முழுவதுமாகத் திறவுங்கள். எட்டைத் தள்ளட்டும்: ஐந்து சிவப்பு, மூன்று வெள்ளை. இன்னும் ஐந்து சேர்க்கவேண்டும். முதலில் இரண்டு வெள்ளை போகிறது, வெள்ளை முடிகிறது. அங்கே நிறுத்தி, "இப்ப எத்தனை?" என்று கேளுங்கள். பத்து. "அஞ்சில எத்தனை போட்டுட்டாய், இன்னும் எத்தனை இருக்கு?" மூன்று. மூன்று சிவப்பைத் தள்ளட்டும். "பத்தும் மூண்டும்?" பதிமூண்டு. இந்த நிறுத்தத்தை விட்டுவிட்டால், பிள்ளை ஐந்தையும் ஒரே மூச்சில் எண்ணித் தள்ளிவிட்டு மொத்தத்தை ஒன்றிலிருந்து எண்ணும். பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

அடுத்த சில நாட்களில் புதுப் பிழை ஒன்று வரும். 9 + 4 கேட்டால் 14 என்று சொல்லும். ஒன்பதைப் பத்தாக்கிவிட்டது, ஆனால் அதற்குக் கொடுத்த ஒன்றை நான்கிலிருந்து குறைக்கவில்லை. இந்தப் பிழையைக் கண்டால் நான் சந்தோஷப்படுவேன், ஏனென்றால் எண்ணிப் பார்க்கும் பிள்ளை இந்தப் பிழையை விடாது, உடைக்கும் பிள்ளைதான் விடும். "அந்த ஒண்டை எங்க இருந்து எடுத்தனி?" என்று மட்டும் கேளுங்கள். சரத்துக்குப் பதிலாக அன்றைக்குக் கொட்டையைப் பாவியுங்கள். இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் நான்கு. வலப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து இடப்பக்கம் வைக்கும்போது, வலப்பக்கம் குறைவதைப் பிள்ளையே காண்கிறது.

சரம் இல்லாமல் செய்யவைக்கும் முறை இது: முதலில் சரத்தைத் தொட்டுச் செய்யட்டும், பிறகு தொடாமல் பார்த்துச் செய்யட்டும், பிறகு கைக்குட்டையால் மூடிவிட்டு "உள்ளுக்க என்ன நடக்குது, சொல்லு" என்று கேளுங்கள். மூடிய சரத்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்தால், மேசையில் சரம் இல்லாமலும் செய்யும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் எடுக்கும்.

வெள்ளிக்கிழமை

வாராந்தப் பரிசோதனை ஐந்து நிமிடம்தான். ஐந்து கேள்வி. மூன்று அந்த வாரப் படியிலிருந்து, ஒன்று முந்தைய படியிலிருந்து, ஒன்று பயிற்சியில் பாவிக்காத பொருளை வைத்து. கடைசிக் கேள்விக்கு நான் மீன் கூறைப் பாவிப்பேன். "ஒரு கூறில எட்டுச் சூடை, மற்றக் கூறில அஞ்சு. ரெண்டு கூறையும் அம்மா வாங்கினா எத்தனை?" முத்தில் சரியாகச் செய்து மீனில் விரலை எடுத்தால், பிள்ளை சரத்தைப் படித்திருக்கிறது, எண்ணை இன்னும் படிக்கவில்லை. படியைத் தாண்டவேண்டாம். பொருளை மட்டும் மாற்றிப் பயிற்சியைத் தொடருங்கள்.

பரிசோதனை நேரத்தில் உதவி செய்யக்கூடாது, கண்ணாலும் கூடாது. இது கடினம். பிள்ளை திணறும்போது எங்கள் உதடே விடையைச் சொல்லத் துடிக்கும். நான் அந்த நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து நொடி காத்திருந்து, விடை வராவிட்டால் அடுத்த கேள்வி. மணிக்கூட்டை மேசையில் வைக்கவேண்டாம். நொடியை நீங்கள் மனதுக்குள் எண்ணினால் போதும். நேரம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தப் பிள்ளைகள் ஊகித்து ஒரு விடையைச் சொல்லித் தப்பப் பார்ப்பார்கள்.

அந்தப் பிள்ளையின் தாளில் வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயின. முதல் வாரம் ஐந்துக்கு இரண்டு, எல்லாம் "எ". இரண்டாம் வாரம் நான்கு, பாதி "தெ". மூன்றாம் வாரம் பத்துக்கு வந்ததும் மறுபடி இரண்டு. ஏன் என்று மேலே சொன்னேன். நான்காம் வாரம் மூன்று, ஐந்தாம் வாரம் ஐந்து. ஆறாம் வாரத்தில் இரண்டு நாள் அடைமழை, அவளும் வரவில்லை. வந்த நாளில் ஒரு படி கீழே போய்த் தொடங்கினேன். விட்ட இடத்தில் தொடங்காமல் ஒரு படி கீழே தொடங்குவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி மழைக் காலத்தில் இது அடிக்கடி தேவைப்படும். 8 + 5க்கு "உ" வந்தது எட்டாம் வாரத்தில்தான். ஆறு வாரம் என்று நான் சொல்வது தடங்கல் இல்லாத ஆறு வாரம்.

வீட்டில்

அவளுடைய அம்மா வந்திருந்தார். "ரீச்சர், ஏழாம் வாய்ப்பாடு மட்டும் கடகடெண்டு சொல்லுவா. ஆனா கடைக்கு அனுப்பினா மிச்சக்காசு சரியா வாங்கிக்கொண்டு வரத் தெரியாது" என்றார். இரவில் இரண்டு மணித்தியாலம் வாய்ப்பாடு சொல்லவைக்கிறாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிள்ளைக்காகத் தெரிந்ததைச் செய்கிறார். "அம்மா, இந்த ரெண்டு மாசம் வாய்ப்பாட்டை விடுங்கோ. சோறு அவியும் நேரம் ஒரு சிரட்டையும் பத்துப் புளியங்கொட்டையும் எடுத்து அஞ்சு நிமிசம் விளையாடுங்கோ, போதும்" என்றேன். எப்படி விளையாடுவது என்று அவருடனேயே மூன்று தடவை விளையாடிக் காட்டினேன். வாயால் சொல்லி அனுப்பினால் வீட்டில் அது மறுபடி கேள்வி கேட்டு அதட்டுவதாக மாறிவிடும்.

பத்தின் சோடி உறுதியானதும் காசுக்கு வரலாம். பத்து ரூபாய்க் குற்றி பத்து எடுத்து நூறு என்று வையுங்கள். எழுபது ரூபாய்ச் சாமானுக்கு நூறு கொடுத்தால் மிச்சம் என்ன? ஏழு குற்றி போனால் மூன்று குற்றி மிச்சம். ஏழும் மூன்றும் அவளுக்குத் தெரிந்த சோடி. புதிதாக ஒன்றும் படிக்கவேண்டியதில்லை. எழுபத்தைந்து ரூபாய் என்று தொடங்காதீர்கள், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இந்தத் தாள் போதாத இடம்

ஆறு, எட்டு வாரம் உண்மையாகவே தினமும் செய்திருக்கிறீர்கள், கட்டத்தில் "எ" மட்டுமே இருக்கிறது, மூன்று பொட்டைக்கூடப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை, நேற்று உறுதியாக இருந்தது இன்று அடியோடு இல்லை என்றால், பயிற்சியைக் கூட்டவேண்டாம். அதிபரிடம் சொல்லி, வலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் பிள்ளையைக் காட்டுங்கள். கணிதத்தில் மட்டும் இப்படியான கடுமையான சிரமம் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது எங்கள் வேலை இல்லை, அந்தப் பெயரைக் கொப்பியில் எழுதுவதும் எங்கள் வேலை இல்லை. தாள்களை ஒரு கோவையில் போட்டுக் கொண்டுபோங்கள். "கணக்குச் செய்யமாட்டாள்" என்று வாயால் சொல்வதைவிட, எட்டு வாரத்து "எ", "தொ", "உ" பார்ப்பவருக்கு அதிகம் சொல்லும்.

படி முடிந்த பிள்ளையையும் ஒரு மாதம் கழித்து ஒரு தடவை பாருங்கள், முன்னறிவித்தல் இல்லாமல். நான் தவணை விடுமுறை முடிந்து வந்த மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு 8 + 5 கேட்டேன். கை மேசைமேலேயே இருந்தது. "எட்டுக்கு ரெண்டு குடுத்தா பத்து... பதிமூண்டு." 7 + 6க்கும் அப்படித்தான் வந்தாள். 13 – 5க்கு மட்டும் மறுபடி ஒன்பது என்றாள். புதிய தாள் ஒன்று எடுத்தேன். "இப்போது முடிவது" என்ற இடத்தில் பத்தைத் தாண்டிக் கூட்டுகிறாள் என்றும், "முடியாதது" என்ற இடத்தில் இறங்கும்போது முதல் எண்ணையும் சேர்த்து எண்ணுகிறாள் என்றும் எழுதி, முத்துச்சரத்தில் பதின்மூன்றைத் தள்ளி அவளிடம் கொடுத்தேன்.